14 வருட மெயின்டனன்ஸ் எங்கே போயிற்று?

"தரவுகள் மீது தீராத ஆர்வம் கொண்டவன். எக்செல், எஸ்.க்யூ.எல்., பைதான், பவர் பி.ஐ., டேப்லோ ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவன். டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன். கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படக்கூடியவன்."

வேலை தேடும் தளங்களில் 'ப்ரொஃபைல் சம்மரி' என்ற பெட்டியைத் திறந்தால், ஏறக்குறைய இதே வாசகங்களை ஆங்கிலத்தில் எத்தனையோ பேரிடம் பார்க்கலாம். கல்லூரி முடித்து ஆறு மாதமான ஒருவர் எழுதினால் அதில் பெரிய பிழையில்லை. அவரிடம் சொல்ல வேறொன்றும் இருக்காது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 14 வருடம் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவர் இதையே எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. படிப்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, இந்த 14 வருடம் எங்கே போயிற்று என்பதுதான்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய சுருக்கத்தைத் திருத்தி எழுதிப் பார்க்கலாம். ஆளும் அவருடைய லைனின் எண்களும் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை. ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் இத்தகைய பதிவேட்டையும் இத்தகைய கணக்கையும் தினமும் பார்ப்பவர்கள்தான். வயது 38, படிப்பு பி.இ. மெக்கானிக்கல், இரண்டு கம்பெனி, மூன்று ஷிஃப்ட். கடந்த ஒரு வருடமாக மாலையில் எஸ்.க்யூ.எல்.லும் பவர் பி.ஐ.யும் கற்றிருக்கிறார். தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு மாற வேண்டும். பழைய அனுபவத்தைக் காட்டினால் 'மெஷின் ஆள்' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் எழுதியதுதான் மேலே உள்ள நான்கு வரி.

பெட்டியின் அளவை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நௌக்ரியில் சுருக்கத்துக்கு ஆயிரம் எழுத்து இடம் தருகிறார்கள். லிங்க்டுஇன்னில் 2,600 எழுத்து வரை எழுதலாம். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் முதல் சில வரிகள் மட்டுமே கண்ணில் படும். மீதியைப் படிக்க ஒரு சொடுக்குப் போட வேண்டும். அந்தச் சொடுக்கைப் போட வைப்பது முதல் இரண்டு வாக்கியங்கள். நம் இன்ஜினியர் அந்த இடத்தை ஆர்வத்துக்கும் மென்பொருள் பட்டியலுக்கும் கொடுத்துவிட்டார்.

மறைப்பது நடைமுறையில் பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கத்துக்குக் கீழேயே வேலை அனுபவம் தேதியோடு வருகிறது. அங்கே 'மெயின்டனன்ஸ் இன்ஜினியர்' என்று இருந்து மேலே அந்தப் பேச்சே இல்லையென்றால், படிப்பவர் இரண்டு வேறு ஆட்களைப் பார்ப்பதுபோல் குழம்புவார். சிலர் ஒரு படி மேலே போய்ப் பழைய பதவிப் பெயரையே 'டேட்டா அனலிஸ்ட்' என்று மாற்றிவிடுகிறார்கள். இது ஆபத்து. சேரும் நேரத்தில் பின்னணி சரிபார்ப்பு நடக்கும். ரிலீவிங் லெட்டரில் பதவி அச்சாகியிருக்கும். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண்ணுக்கான சர்வீஸ் ஹிஸ்டரியில் வரிசையாக இருக்கிறது. கையில் ஆஃபர் வந்தபின் அது ரத்தாவதைவிட, முதலிலேயே உள்ளதைச் சொல்லி இரண்டு அழைப்பு குறைவாக வருவது எவ்வளவோ மேல்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அவர் மறைக்கப் பார்க்கும் இடத்தில்தான் அவருடைய உண்மையான பகுப்பாய்வு அனுபவம் இருக்கிறது. அதை அவரே அந்தப் பெயரில் நினைத்ததில்லை.

சென்னையைச் சுற்றியுள்ள வாகனத் தொழிலில் இது புதிதே அல்ல. தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வால்டர் ஷூவர்ட் 1924ல் அமெரிக்காவில் வரைந்தார். அவர் வழியில் வந்த டெமிங்கின் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் பரிசை 1998ல் சுந்தரம் கிளேட்டன் பெற்றது. 2002ல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. அந்தப் பரிசுக்குத் தயாராகும் தொழிற்சாலையில் பாரெட்டோ வரைபடம், ஹிஸ்டோகிராம், கட்டுப்பாட்டு வரைபடம் எல்லாம் ஷாப் ஃப்ளோர் வரை இறங்கியாக வேண்டும். அந்தப் பழக்கம் பெரிய கம்பெனிகளிலிருந்து அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறிய கம்பெனிகளுக்கும் பரவியது. ஆகவே இந்த வட்டாரத்தில் 10, 15 வருடம் வேலை பார்த்த இன்ஜினியர், எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையைப் பல முறை செய்திருப்பார். அதைத் தோண்டி எடுப்பதுதான் திருத்தி எழுதுவதன் முதல் படி. சொற்களைச் செதுக்குவது அதற்கு அப்புறம்.

எப்படித் தோண்டுவது? "நான் என்னென்ன வேலை பார்த்தேன்" என்று பட்டியல் போட்டால் மெஷின் பெயர்கள்தான் வரும். "எந்தெந்த முடிவை எண்ணைப் பார்த்து எடுத்தேன், அந்த எண் எங்கிருந்து வந்தது, அதில் என்ன கோளாறு இருந்தது" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் இன்ஜினியர் அப்படி உட்கார்ந்து யோசித்ததில் ஒரு பழைய சம்பவம் மேலே வந்தது.

11 சி.என்.சி. மெஷின்கள் உள்ள ஒரு லைன். ஒரு காலாண்டில் ஓட வேண்டிய நேரம் 1,650 மணி. அதில் பிரேக்டவுன் 96. நின்ற நேரம் மொத்தம் 90 மணி. மாதாந்தரக் கூட்டத்தில் காட்டும் பாரெட்டோவில் ஸ்பிண்டில், ஹைட்ராலிக் என்று வழக்கமான பெயர்களே முன்னால் நின்றன. ஆனால் 'இதர' என்ற பட்டை அசாதாரணமாக உயரமாக இருந்தது. அது அவர் கண்ணை உறுத்தியது. அந்த மூன்று மாத லாக்புக்கை எடுத்து, காரணக் குறியீட்டைப் பார்க்காமல், ஆப்பரேட்டரும் டெக்னீஷியனும் கையால் எழுதிய குறிப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்து எக்செலில் ஏற்றினார். 'எலெக்ட்ரிக்கல் ஃபால்ட்' என்று ஓர் இடத்தில், 'மெஷின் ஸ்டாப்' என்று ஓர் இடத்தில், 'டூல் சேஞ்ச் ஆகவில்லை' என்று இன்னோர் இடத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஒரே கோளாறு. ப்ராக்ஸிமிட்டி சென்சாரின் கனெக்டருக்குள் கூலன்ட் இறங்கியிருந்தது. ஐந்து தலைப்பின் கீழ் சிதறிக் கிடந்ததைக் கூட்டினால் 40 முறை. ஒவ்வொன்றும் சராசரியாக அரை மணி நேரம், மொத்தம் 20 மணி. தனித்தனியாகப் பார்க்கும்போது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

டெக்னீஷியன்கள் அதைப் பார்த்தவுடன், சீல் உள்ள கனெக்டருக்கு மாற்றி, கேபிள் போகும் வழியையும் கூலன்ட் தெறிக்காத பக்கம் திருப்பினார்கள். அடுத்த காலாண்டில் ஓட வேண்டிய நேரம் அதே 1,650 மணி. சென்சார் கோளாறு 40லிருந்து 6 ஆனது. அதனால் நின்ற நேரம் 20 மணியிலிருந்து 3 மணி. மற்ற காரணங்களால் வந்த பிரேக்டவுன் 56லிருந்து 54, நேரம் 70லிருந்து 69 மணி. மொத்தத்தில் 96 பிரேக்டவுன் 60 ஆயிற்று. 90 மணி 72 ஆயிற்று.

தரவுப் பகுப்பாய்வு வேலையில் ஒருவர் செய்யக்கூடிய எல்லாமே இதில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய வகைப்பாட்டைக் கவனித்தல், சிதறிய எழுத்துக் குறிப்புகளைச் சுத்தம் செய்தல், மறுபடி வகை பிரித்தல், முடிவெடுப்பவர்களிடம் காட்டுதல், பிறகு அளந்து பார்த்தல். மற்ற காரணங்கள் ஏறக்குறைய அசையாமல் நின்று, தொட்ட காரணம் மட்டும் விழுந்ததால், இது தற்செயல் என்று சொல்வது கடினம். உற்பத்தி குறைந்ததால் கோளாறும் குறைந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டு காலாண்டிலும் நேரம் ஒன்றே. ஒரு வருட மாலை வகுப்பு தரும் சான்றிதழைவிட இந்த ஒரு சம்பவத்துக்கு எடை அதிகம்.

இனி, இதை எந்த எண்ணோடு சுருக்கத்தில் வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அவருக்கு முன்னால் மூன்று எண்கள் இருக்கின்றன.

இரண்டு பிரேக்டவுனுக்கு இடையே மெஷின் சராசரியாக எத்தனை மணி ஓடியது என்பது எம்.டி.பி.எஃப். முதல் காலாண்டில் உண்மையில் ஓடிய 1,560 மணியை 96ஆல் வகுத்தால் 16 மணிக்குச் சற்று மேல். அடுத்ததில் 1,578ஐ 60ஆல் வகுத்தால் 26 மணிக்குச் சற்று மேல். 60 சதவீதத்துக்கும் மேலான முன்னேற்றம். கவர்ச்சியான எண். நின்ற நேரம் 90லிருந்து 72க்கு வந்தது 20 சதவீதக் குறைவு. இது அடக்கமாக இருக்கிறது. மூன்றாவது, ஒரு பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரமான எம்.டி.டி.ஆர். 90 மணியை 96ஆல் வகுத்தால் 56 நிமிடம். 72 மணியை 60ஆல் வகுத்தால் 72 நிமிடம். அதாவது இது மோசமாகியிருக்கிறது!

பலரும் இந்த இடத்தில் எம்.டி.பி.எஃப். எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு எம்.டி.டி.ஆர். பற்றிப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆனால் இங்கே யாரும் மெதுவாகப் பழுது பார்க்கவில்லை. அரை மணியில் முடியும் சின்னச் சின்ன நிறுத்தங்கள் காணாமல் போனதால், மிச்சமிருப்பவை எல்லாம் நீண்ட பழுதுகள். அதனால் சராசரி ஏறிவிட்டது. மொத்தம் நன்றாக ஆகும்போதே சராசரி கெட்டதுபோல் தோன்றும் இந்த நிலைமை விற்பனை, மருத்துவமனை, வங்கி என எந்தத் துறைத் தரவிலும் வரும். "சார், டவுன்டைம் குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்க, அப்போ எம்.டி.டி.ஆர். ஏன் ஏறுது?" என்று நேர்முகத்தில் ஒருவர் கேட்டால், இதை இரண்டு நிமிடத்தில் விளக்குபவர் அனலிஸ்ட் என்பதில் சந்தேகம் வராது.

சுருக்கத்தில் போட வேண்டியது 20 சதவீதம்தான். கம்பெனிக்குக் கிடைத்த பலன் அந்த 18 மணி நேரம். எம்.டி.பி.எஃப். அதைப் பெரிதுபடுத்திக் காட்டுகிறது. தொழிற்சாலையை அறிந்த ஒருவர் 60 சதவீதம் என்று படித்தவுடன் "எதிலே?" என்றுதான் கேட்பார். 20 சதவீதம் என்றால் "எப்படி?" என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்குத்தான் நம் இன்ஜினியரிடம் நல்ல பதில் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. அந்த 20 சதவீதத்தை "குறைத்தேன்" என்று எழுதக் கூடாது. கனெக்டரை மாற்றியவர்கள் டெக்னீஷியன்கள். செலவுக்கு ஒப்புதல் கொடுத்தவர் மேலாளர். அவர் செய்தது, காரணத்தைக் கண்டுபிடித்தது. "கண்டறிந்தேன், குழுவாக எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு குறைந்தது" என்பதே சரியான வினை. பழைய மேலாளர் இந்த வரியைப் படித்தால் தலையாட்டுவாரா என்று கேட்டுப் பார்த்தால், மிகைப்படுத்திய வினைச்சொற்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

அதே போல் கம்பெனியின் எண்களைக் கம்பெனிக்கு வெளியே எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வியும் வரும். வாடிக்கையாளர் பெயர், உற்பத்தி எண்ணிக்கை, ஒரு பாகத்தின் விலை, இவை சுருக்கத்தில் வரவே கூடாது. சதவீதம் பெரும்பாலும் போதும். வேலை ஒப்பந்தத்தில் ரகசியம் பற்றிய பிரிவு இருந்தால் அதையும் ஒரு முறை படித்துவிட வேண்டும். லாக்புக் ஃபைலைத் திறமையைக் காட்டுவதற்காக இணையத்தில் ஏற்றுவது கூடவே கூடாது.

பழைய அனுபவம் புதிய கருவியோடு எங்கே சேருகிறது என்பதைக் காட்ட ஒரு சிறிய இடம் போதும். நம் இன்ஜினியரின் தொழிற்சாலையில் ஒரு நாள் என்பது காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது. 12ஆம் தேதி அதிகாலை 1:15க்கு நின்ற மெஷின், கணக்கில் 11ஆம் தேதி இரவு ஷிஃப்டைச் சேர்ந்தது. தொழிற்சாலைக்குள் கால் வைக்காத ஒருவர் பதிவேட்டில் உள்ள தேதியை அப்படியே எடுத்துக் கூட்டுவார். ஒவ்வொரு நாளின் இரவு ஷிஃப்டும் இரண்டு துண்டாகிவிடும். உற்பத்தி எண்ணிக்கை ஒரு தேதியிலும் அதன் டவுன்டைம் அடுத்த தேதியிலும் விழும். டேஷ்போர்டு அழகாகத்தான் இருக்கும், கணக்கு மட்டும் தப்பு. இதைத் திருத்த போஸ்ட்கிரஸ் எஸ்.க்யூ.எல்.லில் ஆகும் வேலை இவ்வளவே:

```sql
SELECT CAST(stop_time - INTERVAL '6 hours' AS date) AS prod_day,
       SUM(minutes) AS down_min
FROM breakdown
GROUP BY 1
ORDER BY 1;
```

நேரத்திலிருந்து ஆறு மணியைக் கழித்தால் அதிகாலை 1:15 முந்தின நாள் மாலை 7:15 ஆகிறது, தேதி சரியாகிவிடுகிறது. இந்தக் கட்டளையை ஒரு மாதம் படித்த யாரும் எழுதிவிடுவார்கள். ஆறு மணியைக் கழிக்க வேண்டும் என்பது இரவு ஷிஃப்டில் நின்றவருக்குத்தான் உடனே தோன்றும். 14 வருடத்தை ஏன் மறைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான விடை கிடையாது.

அடுத்தது கருவிகள். முதல் வரைவில் ஐந்து மென்பொருளும் 'தேர்ச்சி' என்ற ஒரே சொல்லின் கீழ் இருந்தன. உண்மையில் எக்செல் அவருக்கு 14 வருடப் பழக்கம். எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ. ஒரு வருடம். பைதானில் பாண்டாஸ் நூலகத்தின் அடிப்படை மட்டும். டேப்லோவை ஒரு வாரம் தொட்டுப் பார்த்ததோடு சரி. ஐந்தையும் ஒரே தட்டில் வைத்தால், கேட்பவர் பலவீனமானதில்தான் கை வைப்பார். டேப்லோவில் ஒரு கேள்விக்குத் தடுமாறினால், எக்செல் பற்றிச் சொன்னதையும் அவர் நம்ப மாட்டார். எனவே டேப்லோவை எடுத்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு அளவைச் சொல்ல வேண்டும். அதே நேரம், இருக்கும் கருவியின் பெயரை வேலை விளம்பரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவது அவசியம். ஆட்களைத் தேடுபவர்கள் நௌக்ரியின் தேடுபக்கத்தில் SQL, Power BI என்று தட்டித்தான் வடிகட்டுகிறார்கள். 'டேட்டாபேஸ் அறிவு உண்டு' என்று எழுதியவர் அந்த வடிகட்டியில் நிற்க மாட்டார்.

கற்றுக்கொண்டதற்குச் சான்றாக ஒரு வேலையையாவது குறிப்பிட வேண்டும் அல்லவா? டைட்டானிக் கப்பல் பயணிகள் தரவை வைத்துச் செய்த பயிற்சியைப் பலரும் போடுகிறார்கள். அது எல்லோரிடமும் இருக்கிறது. நம் இன்ஜினியருக்குப் பொருத்தமானது வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் தரவுக் களஞ்சியத்தில், மெஷின் பழுது பற்றிய AI4I 2020 என்ற தொகுப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 10,000 வரிகள், அவற்றில் பழுதான வரிகள் 339. இது உண்மைத் தொழிற்சாலையிலிருந்து எடுத்ததல்ல, மாதிரியாக உருவாக்கியது. அதைத் தொகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தரவில் "எதுவுமே பழுதாகாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 96 சதவீதத்துக்கு மேல் சரியாகத்தான் வரும். ஆகவே துல்லியம் 97 சதவீதம் என்று மார்தட்டுவதில் அர்த்தமில்லை, 339ல் எத்தனையைப் பிடித்தோம் என்பதே கேள்வி. பழுது என்பது அரிதாக வரும், வந்தால் லைனையே நிறுத்தும் என்பதை மெயின்டனன்ஸில் இருந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவும் சேர்ந்தபின் இரண்டாவது வரைவு. அவர் எழுதுவது ஆங்கிலத்தில். தமிழில் அதன் பொருள் இது:

"கார் உதிரிபாக உற்பத்தியில் 14 வருட மெயின்டனன்ஸ் இன்ஜினியர், உற்பத்தித் தரவுப் பகுப்பாய்வுக்கு மாறுகிறேன். 11 சி.என்.சி. மெஷின்கள் கொண்ட லைனில் ஒரு காலாண்டு பிரேக்டவுன் குறிப்புகளைச் சுத்தம் செய்து மறுவகைப்படுத்தியதில், ஐந்து தலைப்புகளில் சிதறியிருந்த ஒரே சென்சார் கோளாறைக் கண்டறிந்தேன். குழுவாக எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு, அடுத்த காலாண்டில் பிரேக்டவுனால் நின்ற நேரம் 20 சதவீதம் குறைந்தது. அந்தப் பகுப்பாய்வை எக்செலில் செய்தேன். கடந்த ஒரு வருடமாக எஸ்.க்யூ.எல்.லும் பவர் பி.ஐ.யும் கற்று, பொதுவில் உள்ள மெஷின் பழுதுத் தரவில் ஒரு டேஷ்போர்டு செய்திருக்கிறேன். பைதான் அடிப்படை அளவில். ஷிஃப்ட் கணக்கு, எஸ்.ஏ.பி. மெயின்டனன்ஸ் பதிவுகள், காரணக் குறியீடுகள் ஆகியவை தொழிற்சாலையில் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை நேரில் அறிந்தவன். உற்பத்தி, தரம், சப்ளை செயின் சார்ந்த அனலிஸ்ட் பணி தேடுகிறேன்."

முதல் வாக்கியத்தில் பழைய வேலையும் புதிய வேலையும் ஒன்றாக நிற்கின்றன. 'மாறுகிறேன்' என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால், கீழே வரும் பதவிப் பெயர்கள் யாரையும் குழப்பாது. இரண்டாவது வாக்கியம்தான் பாலம். அது கொஞ்சம் நீளம், ஆனால் இந்தச் சுருக்கத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வேறு எதையாவது வெட்டலாம், அதை வெட்டக் கூடாது. 'எக்செலில் செய்தேன்' என்ற சின்ன வாக்கியத்தைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லாவிட்டால், அந்த வேலையையும் எஸ்.க்யூ.எல்.லில் செய்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பிறகு நேர்முகத்தில் அது வெளிப்படும்போது சங்கடம். 'கடின உழைப்பாளி' போய்விட்டது. அதைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

ஹைட்ராலிக் பவர் பேக் பிரித்துப் பூட்டியது, கம்ப்ரஸர் ஓவர்ஹால், புதிய லைன் நிறுவியது எல்லாமும் போய்விட்டன. இது மறைப்பதாகுமா? ஆகாது. அந்த வேலைகள் கீழே அனுபவப் பகுதியில், கம்பெனி பெயரோடும் தேதியோடும் உண்மையான பதவியோடும் அப்படியே இருக்கின்றன. சுருக்கத்தில் எதை முன்னால் வைப்பது என்பது தேர்வு. தேதியை எடுத்துவிடுவது, பதவிப் பெயரை மாற்றுவது, ஐந்து வருடத்தை 'பல்வேறு பொறியியல் பணிகள்' என்று ஒரு வரியில் மூடுவது, இவைதான் மறைப்பு. தேதிகளையே தூக்கிவிட்டுத் திறமைகளை மட்டும் தலைப்பு தலைப்பாக அடுக்கும் ஒரு வகை ரெஸ்யூமே உண்டு. தொழில் மாறுபவர்களுக்கு அதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருப்பவர்கள் அதைப் பார்த்ததும் எந்த இடைவெளியை மறைக்கிறார் என்றுதான் தேடுவார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் காட்டலாம். ஒருவர் பழைய தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர். இன்னொருவர் ஏற்கெனவே அனலிஸ்டாக இருப்பவர். "நல்லாருக்கா?" என்று கேட்டால் இருவருமே நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதைப் படிச்சா என்னை என்ன கேப்பீங்க?" என்று கேட்க வேண்டும். முதலாமவர் "அந்த லைன்ல அந்த மாசம் ரெண்டு மெஷின் ஷட்டவுன்ல இருந்துச்சே, அது கணக்குல இருக்கா?" என்று கேட்கலாம். அது நிஜமாகவே தெரிந்திருக்க வேண்டிய கேள்வி. இரண்டாமவர் "குறிப்புகளை எப்படி வகைப்படுத்துனீங்க, ஒரே வரியில ரெண்டு காரணம் இருந்தா?" என்பார். இரண்டு கேள்விக்கும் ஐந்து நிமிடம் பேச முடிந்தால் அந்த வாக்கியம் நிற்கும். முடியாவிட்டால் வாக்கியத்தை மெலிதாக்க வேண்டும்.

இந்தச் சுருக்கத்தால் ஆகாத காரியமும் உண்டு. 'அனலிஸ்டாக இரண்டு முதல் நான்கு வருட அனுபவம்' என்று கேட்கும் விளம்பரங்களில், வருடத்தை வைத்து வடிகட்டும்போதே 14 வருடக்காரர் வெளியே போய்விடலாம். வங்கியின் கடன் பிரிவிலோ ஆன்லைன் விற்பனைக் கம்பெனியிலோ சென்சார் கதைக்குப் பெரிய மதிப்பு இருக்காது. அங்கே அவர் ஏறக்குறைய புதியவர்தான், சம்பளமும் அப்படித்தான் பேசப்படும். தொழிற்சாலைத் தரவை வைத்து மென்பொருள் செய்யும் கம்பெனி, வாகன நிறுவனத்தின் தரப் பிரிவு, காற்றாலை பராமரிப்பு, பெரிய கிடங்கு நடத்தும் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் போன்ற இடங்களில்தான் அந்த 14 வருடம் செல்லுபடியாகும். இன்னும் நெருக்கமான வழி, இப்போதிருக்கும் கம்பெனிக்குள்ளேயே பிளானிங் அல்லது டிஜிட்டல் பிரிவுக்கு மாற்றல் கேட்பது. அங்கே லாக்புக் சம்பவம் எல்லோருக்கும் தெரியும், புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இடத்துக்கு இடம் சுருக்கம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. காற்றாலை நிறுவனத்துக்கு அனுப்பும்போது இரண்டாவது வாக்கியம் அப்படியே இருக்கலாம், கடைசி வரியில் 'ரிலையபிலிட்டி' என்ற சொல் ஏறினால் போதும். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கு என்றால் சென்சார் கதையை ஒரு வரியாகச் சுருக்கி, அந்த இடத்தில் உதிரிபாக இருப்பைப் பற்றிய வேலையை வைக்கலாம். எந்த ஸ்பேர் எத்தனை வைக்க வேண்டும் என்று மூன்று வருட நுகர்வைப் பார்த்து அவர் ஒரு முறை கணக்குப் போட்டிருப்பார். மெயின்டனன்ஸில் அந்த வேலை செய்யாதவர் குறைவு. அந்த எக்செல் ஷீட்டையும் இப்போதே நினைவிலிருந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது: என்ன கேள்வி, எத்தனை ஐட்டம், எந்தப் பத்தியில் தேதி தப்பாக இருந்தது, கடைசியில் எந்த ஸ்பேரை வாங்குவதை நிறுத்தினார்கள்.